அக்கவுண்டை நிறுத்தியது பேங்க், திறக்க வேண்டியவர் வரி அலுவலர்

"அண்ணா, திருப்பூர்ல ஜாப் ஒர்க் தையல் யூனிட் வெச்சிருக்கேனுங்க. செவ்வாய்க்கிழமை காலைல இருந்து கரண்ட் அக்கவுண்ட்ல பணம் எடுக்க முடியல. மேனேஜர் கேட்டா ஜிஎஸ்டி ஆபீஸ்ல இருந்து 9.6.2025 தேதி போட்டு லெட்டர் வந்திருக்கு, 2020-21 வருசத்துக்கு 5,76,000 ரூபாய் பாக்கிங்கறார். எனக்கு ஒரு நோட்டீசும் வரலைங்க. அக்கவுண்ட்ல 1,90,000 இருக்கு, சனிக்கிழமை சம்பளம் போடணும். லெட்டர் யாருக்கு, என்னன்னு எழுதறதுங்க?"

தம்பி, இன்றைக்கே பேங்குக்குப் போய் அந்த லெட்டரின் நகலை வாங்குங்கள். தர மாட்டேன் என்றால் ஃபோனில் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைப்பில் டிஆர்சி-13 என்று இருக்கிறதா, டிஆர்சி-22 என்று இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 22 என்றால் விசாரணை நடக்கும்போதே தற்காலிகமாக முடக்கி வைப்பது. அதற்குப் பிரிவு 83, டிஆர்சி-22ஏ படிவத்தில் ஆட்சேபணை, அது வேறு பாதை. தொகை 5,76,000 என்று ரூபாய்க் கணக்காகச் சொல்லி, வருடத்தையும் சொல்லியிருப்பதால் உங்களுடையது டிஆர்சி-13 ஆகத்தான் இருக்க வேண்டும். அப்படி வைத்தே மேலே எழுதுகிறேன்.

டிஆர்சி-13 என்றால் என்ன என்று புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். உங்களுக்குப் பணம் தர வேண்டியவர் யாராக இருந்தாலும், "அவருக்குக் கொடுக்காதே, அரசுக்குக் கட்டு" என்று அதிகாரி எழுதலாம். ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 79(1)(சி) அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. பேங்க் உங்கள் பணத்தை வைத்திருப்பதால் பேங்குக்கு எழுதியிருக்கிறார்கள். நாளைக்கே நீங்கள் துணி தைத்துக் கொடுக்கும் கம்பெனிக்கும் எழுதலாம், உங்கள் பில் பணத்தை எங்களுக்குக் கட்டு என்று. பேங்க் அந்த உத்தரவை மீறினால் அந்தத் தொகைக்குப் பேங்கே பாக்கிதாரர் ஆகிவிடும். அதனால்தான் மேனேஜர் உங்களிடம் எவ்வளவு பரிவாகப் பேசினாலும் அவரால் ஒரு ரூபாய் விட முடியாது. அவரிடம் சண்டை போடுவதிலும், பேங்க் தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடுவதிலும் நாளைக் கழிக்காதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் வந்தபோது அவர் கையில் பேங்குக்கு எழுதிய மூன்று லெட்டர் நகல் இருந்தது. மூன்றும் நல்ல லெட்டர்தான், தறி ஓடவில்லை, பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும் என்று மனதை உருக்கும்படி எழுதியிருந்தார். வரி அலுவலகத்துக்கு ஒன்றுகூட இல்லை. அதற்குள் 19 நாள் போயிருந்தது, அந்த 19 நாளில்தான் அவருடைய மேல்முறையீட்டுக் கெடுவும் முடிந்திருந்தது. அவரைப் போல நீங்களும் ஆகிவிடக் கூடாது.

சரி, இப்போது லெட்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். டிஆர்சி-13 தானாக முளைக்காது, அதற்கு முன்னால் ஒரு வரி ஆணை இருந்தே ஆக வேண்டும். ஜிஎஸ்டி போர்ட்டலில் நுழைந்து Services, அதில் User Services, அதற்குள் View Additional Notices/Orders என்ற இடத்துக்குப் போங்கள். ரிட்டர்ன் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை, அவர்கள் பார்ப்பது View Notices and Orders என்ற பக்கத்து வீட்டை மட்டும். "எனக்கு நோட்டீஸ் வரலைங்க" என்று வருகிற பத்துப் பேரில் முக்கால்வாசிப் பேருக்கு நோட்டீஸ் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. 2020-21 ஆண்டுக்குப் பிரிவு 73-ன் கீழ் ஆணை போடக் கடைசி நாள் 28.2.2025, ஆகவே உங்களுக்கு நவம்பர் 2024 வாக்கில் டிஆர்சி-01 நோட்டீசும், பிப்ரவரி 2025-ல் டிஆர்சி-07 ஆணையும் இருக்கும். இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். டிஆர்சி-07 மேல் இருக்கும் தேதியைப் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள், இனி எல்லாமே அந்தத் தேதியில்தான் தொங்குகிறது.

உங்களுக்கு ஆணை 20.2.2025 அன்று போர்ட்டலில் ஏறியது என்று வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் தேதியைப் போட்டு நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். ஆணை கிடைத்த நாளிலிருந்து கட்டுவதற்கு மூன்று மாதம், அதாவது 20.5.2025 வரை. அதற்குள் கட்டவும் இல்லை, மேல்முறையீடும் இல்லை என்பதால் 9.6.2025 அன்று டிஆர்சி-13 வந்திருக்கிறது. மேல்முறையீட்டுக்கும் அதே மூன்று மாதம்தான். ஆனால் பிரிவு 107 இன்னும் ஒரு மாதம் தாமதத்தை மன்னிக்க மேல்முறையீட்டு அதிகாரிக்கு இடம் கொடுக்கிறது, அது 20.6.2025 வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஆக, உங்கள் கையில் இருப்பது அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரைதான். அதற்கு அடுத்த நாள் போனால் மேல்முறையீட்டு அதிகாரிக்கே அதை ஏற்க அதிகாரம் கிடையாது, எவ்வளவு நியாயமான காரணம் சொன்னாலும்.

மேல்முறையீட்டை இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்குக் காரணம், அக்கவுண்டைத் திறக்கும் சாவி அதற்குள்தான் இருக்கிறது. மேல்முறையீடு போடும்போது தகராறில் உள்ள வரியில் 10% முன்வைப்பாகக் கட்ட வேண்டும், கட்டிவிட்டால் மீதித் தொகைக்கான வசூல் நடவடிக்கை நிறுத்தப்பட்டதாகவே கருதப்படும் என்று பிரிவு 107(7) சொல்கிறது. தனியாகத் தடை உத்தரவு வாங்க வேண்டியதில்லை. இந்த 10% எதன் மேல் என்பதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். உங்கள் 5,76,000-ஐப் பிரித்தால் இப்படி வரும் என்று வைத்துக்கொள்வோம்: வரி 3,20,000, வட்டி 2,24,000, அபராதம் 32,000. பத்து சதவீதம் வரிக்கு மட்டும்தான், ஆக 32,000 ரூபாய், மத்திய வரியில் 16,000, மாநில வரியில் 16,000. 57,600 கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஒன்று, 3,20,000-ல் ஒரு பகுதி உங்கள் தப்புதான் என்று நீங்களே ஒத்துக்கொண்டால், அந்தப் பகுதிக்கு வரி, வட்டி, அபராதம் முழுதாகக் கட்டிவிட்டு மீதிக்குத்தான் 10%.

அக்கவுண்டே முடங்கிக் கிடக்கும்போது 32,000 எங்கிருந்து கட்டுவது என்பீர்கள். முதலில் உங்கள் கிரெடிட் லெட்ஜரில் இருப்பு இருக்கிறதா பாருங்கள், முன்வைப்பை அதிலிருந்தும் கழிக்கப் போர்ட்டல் விடுகிறது. இல்லையென்றால் உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் சலான் போட்டு, மச்சானோ சித்தப்பாவோ அவர் அக்கவுண்டிலிருந்து நெட் பேங்கிங்கிலோ என்இஎஃப்டியிலோ கட்டலாம். பணம் உங்கள் கேஷ் லெட்ஜரில்தான் வந்து விழும். பேங்க் கவுண்டரில் ரொக்கமாகக் கட்டுவதென்றால் ஒரு சலானுக்கு 10,000-க்கு மேல் முடியாது, அதற்கு அலைய வேண்டாம்.

மேல்முறையீட்டில் என்ன எழுதுவது என்பது ஆணையில் என்ன காரணம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தையல் யூனிட்களுக்கு அந்த வருடங்களில் அதிகம் வந்தது, 3பி ரிட்டர்னில் எடுத்த இன்புட் கிரெடிட்டும், சப்ளையர்கள் போட்ட ரிட்டர்னிலிருந்து வரும் 2ஏ பட்டியலில் தெரிவதும் ஒத்துப்போகவில்லை என்பதுதான். நூல்கண்டு, ஊசி, எலாஸ்டிக் சப்ளை செய்த கடைக்காரர் ரிட்டர்னில் உங்கள் எண்ணைத் தப்பாகப் போட்டிருப்பார், இல்லை ஜிஎஸ்டி எண் இல்லாதவருக்கு விற்றதாக பி2சி-யில் போட்டிருப்பார். அந்த வருடத்துக்கு, சப்ளையரிடம் "இந்தப் பில்லுக்கு நான் வரி கட்டிவிட்டேன்" என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் ஏற்கும்படி மத்திய வாரியத்தின் சுற்றறிக்கை உண்டு, சில வரம்புகளோடு. சான்றிதழ் எல்லாம் கைக்கு வரட்டும் என்று மேல்முறையீட்டைத் தள்ளாதீர்கள். ஏபிஎல்-01 என்ற மேல்முறையீட்டுப் படிவத்தை முதலில் போட்டுவிட்டு, விசாரணையின்போது தாள்களைக் கொடுக்கலாம். கெடு தாண்டிப் போடுவதால் தாமதத்துக்கான காரணத்தையும் தனியாக எழுதி வையுங்கள், அதில் உண்மையை மட்டும் எழுதுங்கள்: யார் ரிட்டர்ன் போடுகிறார், எந்தப் பக்கத்தைப் பார்த்தார், ஆணை இருப்பது எந்த நாளில், எப்படித் தெரிய வந்தது. "உடல்நிலை சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் அதற்கு மருத்துவச் சான்று கேட்பார்கள்.

இதெல்லாம் இரண்டு மூன்று நாள் பிடிக்கும், அதற்குள் பேங்க் 1,90,000-ஐ எடுத்து அரசுக்குக் கட்டிவிடக்கூடும். அதற்காக இன்றைக்கே வரி அலுவலருக்கு ஒரு பக்கத்தில் முதல் லெட்டர் கொடுங்கள். டிஆர்சி-13 போட்ட அதிகாரி அதை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், திரும்பப் பெறலாம், பணம் கட்டும் கெடுவை நீட்டலாம் என்று அதே 79(1)(சி)-யின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. அதைக் காட்டி, "20.6.2025-க்குள் மேல்முறையீடு செய்து முன்வைப்புக் கட்டப் போகிறேன், அதுவரை வங்கி பணம் செலுத்தும் கெடுவை நீட்டித் தாருங்கள்" என்று கேளுங்கள். லெட்டரைத் தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள், வாங்கிய நகலை அன்றைக்கே மேனேஜரிடமும் கொடுங்கள். அதிகாரி பதில் தருவதற்குள் மேனேஜர் பணத்தை அனுப்பக் கூடாது என்று சட்டம் இல்லை, ஆனால் லெட்டர் நிலுவையில் இருக்கிறது என்று தெரிந்தால் அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வார்கள்.

இரண்டாவது லெட்டர்தான் முக்கியமானது. மேல்முறையீடு போட்டதும் போர்ட்டல் தரும் ஏஆர்என் என்ற ஒப்புகை எண் கைக்கு வந்ததும் கொடுக்க வேண்டியது. தமிழிலேயே எழுதலாம், வணிகவரி அலுவலகத்தில் தாராளமாக வாங்குவார்கள். இப்படி எழுதுங்கள்:

"பெறுநர்: மாநில வரி அலுவலர், … வரிவிதிப்பு வட்டம், திருப்பூர்.

பொருள்: எனது வங்கிக் கணக்கு தொடர்பாகப் பிறப்பிக்கப்பட்ட டிஆர்சி-13 அறிவிப்பைத் திரும்பப் பெறக் கோருதல்.

பார்வை: 1) டிஆர்சி-07 ஆணை எண் …, நாள் 20.02.2025. 2) டிஆர்சி-13 அறிவிப்பு எண் …, நாள் 09.06.2025. 3) மேல்முறையீட்டு ஏஆர்என் …, நாள் …06.2025.

ஐயா, பார்வை 1-ல் காணும் ஆணையை எதிர்த்துப் பார்வை 3-ன்படி மேல்முறையீடு செய்துள்ளேன். தகராறில் உள்ள வரி ரூ.3,20,000. அதில் 10 சதவீதமான ரூ.32,000-ஐ …06.2025 அன்று செலுத்திவிட்டேன். ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 107(7)-ன்படி மீதித் தொகைக்கான வசூல் நடவடிக்கை நிறுத்தப்பட்டதாகக் கருதப்பட வேண்டும். ஆகவே பிரிவு 79(1)(சி)(iv)-ன் கீழ் தங்களுக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு, … வங்கி, … கிளையில் உள்ள எனது … எண் கணக்கு தொடர்பான அறிவிப்பைத் திரும்பப் பெற்று, அதை வங்கிக் கிளைக்கு நேரடியாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கணக்கிலிருந்துதான் தொழிலாளர்களுக்கு வாரச் சம்பளம் தருகிறேன். உடனே முழுமையாகத் திரும்பப் பெற இயலாவிட்டால், சம்பளத் தொகையான ரூ.… மட்டுமாவது எடுக்கும் வகையில் அறிவிப்பைத் திருத்தித் தர வேண்டுகிறேன்.

இணைப்பு: ஆணை நகல், அறிவிப்பு நகல், மேல்முறையீட்டு ஒப்புகை, முன்வைப்புச் செலுத்திய ரசீது, கடைசி நான்கு வாரச் சம்பளப் பட்டியல்."

பாருங்கள், இதில் கஷ்டத்தைச் சொல்லும் வரி ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஒரு கோரிக்கையோடு சேர்ந்து வருகிறது. அதிகாரி இந்த லெட்டரின் மேல் குறிப்பு எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும், நாளைக்குத் தணிக்கையில் "ஏன் விட்டாய்" என்று கேட்டால் காட்ட அவருக்கு ஒரு பிரிவு எண்ணும் ஒரு ரசீதும் வேண்டும். பாவம் பார்த்து விட்டேன் என்று அவரால் எழுத முடியாது. அதனால் உங்கள் லெட்டரிலேயே அவர் எழுத வேண்டிய குறிப்பு தயாராக இருக்க வேண்டும்.

"மேல்முறையீடு இன்னும் ஏற்கப்படவில்லை, தாமதத்தை மன்னிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லும் அதிகாரிகள் உண்டு. உங்களுடையது மன்னிப்பு மாதத்தில் போடுவது என்பதால் இது வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. 107(7) பணம் கட்டியதைத்தான் சொல்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள், அதோடு மேல்முறையீட்டுத் துணை ஆணையர் அலுவலகத்துக்குப் போய்த் தாமத மனுவை முதலில் எடுத்துக்கொள்ளும்படி எழுத்தில் கேளுங்கள். அங்கே ஒப்புகை வந்துவிட்டால் இங்கே பேச்சு முடிந்தது.

திரும்பப் பெறும் கடிதம் பேங்குக்கு மெயிலில் போகும் என்று விட்டுவிடாதீர்கள், ஒரு நகலைக் கையில் வாங்கி நீங்களே கிளைக்குக் கொண்டு போங்கள். பல பேங்குகளில் லீன் என்கிற முடக்கத்தைப் போடுவதும் எடுப்பதும் கிளையில் நடப்பதில்லை, வேறு ஊரில் இருக்கும் மைய அலுவலகம் செய்கிறது. மேனேஜர் அனுப்பிவிட்டேன் என்பார், அக்கவுண்ட் அப்படியே இருக்கும். நூறு ரூபாய் அனுப்பிப் பார்த்துப் போன பிறகுதான் வேலை முடிந்ததென்று அர்த்தம்.

இந்தச் சனிக்கிழமைக்குள் இதெல்லாம் நடக்கும் என்று எண்ணி இருக்காதீர்கள் தம்பி. இந்த வாரச் சம்பளத்துக்குக் கைமாற்று வாங்குங்கள். வேறு பேங்கில் புது அக்கவுண்ட் திறந்து பில் பணத்தை அங்கே வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், வேண்டாம். அதே பான் எண்ணில்தான் திறக்க முடியும், அங்கேயும் ஒரு டிஆர்சி-13 வரும், லெட்டரைப் பரிவோடு பார்த்திருக்கக்கூடிய அதிகாரியும் அதற்குப் பிறகு அப்படிப் பார்க்க மாட்டார். தனி உரிமையாளர் தொழில் என்றால் சட்டத்தின் கண்ணில் நீங்களும் யூனிட்டும் ஒரே ஆள், சேமிப்புக் கணக்கையும் தொடலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

உங்களிடம் சிசி என்கிற கேஷ் கிரெடிட் கடன் அக்கவுண்ட் இருந்து அதையும் நிறுத்தியிருந்தால் அதற்குத் தனியாக ஒரு பத்தி எழுதுங்கள். சிசி லிமிட்டில் நீங்கள் எடுக்காமல் இருக்கும் தொகை பேங்கின் பணம், உங்களுக்குப் பேங்க் தர வேண்டிய கடன் கிடையாது. ஓவர்டிராஃப்ட் விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 1950-களிலேயே வருமான வரி வழக்கில் இதைச் சொல்லிவிட்டது, அதன் பிறகு ஜிஎஸ்டியிலும் நீதிமன்றங்கள் இதே வழியில் போயிருக்கின்றன. நம் ஊரில் தறியும் பனியனும் சிசி-யில்தான் ஓடுகிறது, ஆனாலும் இந்த வாதத்தை எழுதுகிறவர்கள் குறைவு.

ஆணையைத் திறந்து பார்த்து, வரி சரிதான், கட்ட வேண்டியதுதான் என்று தெரிந்தால் மேல்முறையீட்டில் பணத்தையும் நேரத்தையும் கொட்டாமல் தவணை கேளுங்கள். பிரிவு 80-ல் அதிகபட்சம் 24 மாதத் தவணை, டிஆர்சி-20 படிவம். வட்டி ஓடும், ஒரு தவணை தவறினாலும் மீதி முழுதும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும், அதனால் உங்களால் நிச்சயமாக முடிகிற தொகையைக் கேளுங்கள்.

டிஆர்சி-07 தேதி நான் நினைத்ததைவிட முந்தியதாக இருந்து நான்கு மாதமும் தாண்டியிருந்தால், ரிட் மனு ஒன்றுதான் வழி. திருப்பூர், கோவை, ஈரோட்டுக்காரர்களுக்குச் சென்னை, கரூர்க்காரர்களுக்கு மதுரைக் கிளை. பதில் சொல்ல வாய்ப்பே இல்லாமல் போன ஒருதரப்பு ஆணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 முதல் நிறைய ரத்து செய்து திருப்பி அனுப்பியிருக்கிறது. போர்ட்டலில் போட்டதற்குப் பதில் வரவில்லை என்றால் தபால் போன்ற வேறு வழியிலும் அனுப்பியிருக்க வேண்டும் என்பதும் அந்த வழக்குகளில் பேசப்பட்டது. வழக்கமாக வருகிற நிபந்தனை, தகராறு வரியில் 25% நான்கு வாரத்துக்குள் கட்டு என்பது. உங்கள் கணக்கில் அது 80,000. பேங்க் ஏற்கனவே எடுத்துக் கட்டிய தொகையை அதில் கழித்துக்கொள்ளவும், நிபந்தனை முடிந்ததும் பேங்க் முடக்கத்தை நீக்கவும் பல உத்தரவுகளில் எழுதியிருக்கிறார்கள். சோமனூர்க்காரர் அக்கவுண்டும் கடைசியில் அப்படித்தான் திறந்தது. 10 சதவீதத்தில் முடிந்திருக்க வேண்டியது 25 சதவீதமும் வக்கீல் ஃபீசும் ஆனது, நடுவில் இரண்டு மாதம் தறிச் சம்பளத்துக்கு அவர் வட்டிக்கு வாங்கினார்.

டிஆர்சி-07 கிடைத்ததும் தேதியையும், வரி எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதையும் மட்டும் எழுதி அனுப்புங்கள், ஜிஎஸ்டி எண், அக்கவுண்ட் எண் எதையும் இங்கே போட வேண்டாம். தாமத மனுவுக்கு என்ன எழுதலாம் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.